முள் குத்திய இடம் ஏன் சிவக்கிறது?

ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஆரஞ்சு மரங்களும் நிற்கும். ஆரஞ்சுக் கிளையில் கூரிய முள் உண்டு. அது பிள்ளைகளின் விரலில் ஏறுவது எங்கள் ஊரில் வழக்கம். அதனால் இரத்த வெள்ளையணுக்கள் பாடத்தை நான் ஐந்து பெயர்களோடு தொடங்காமல், முள் குத்திய விரலிலிருந்து தொடங்குகிறேன். "கிருமி உள்ளே போனதால் சிவந்து வீங்குகிறது" என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். உண்மையில் அந்தச் சிவப்பையும் வீக்கத்தையும் உண்டாக்குவது நம் உடல்தான்.

காலை எட்டு மணிக்கு முள் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். தோலுக்கு அடியில் உள்ள மாஸ்ட் செல்கள் உடனே ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது சிறு இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அங்கே இரத்தம் கூடுவதால் தோல் சிவக்கிறது. உடலின் உட்பகுதி வெப்பத்தோடு இரத்தம் வருவதால் சூடும் ஏறுகிறது. மார்கழிக் குளிரில் பக்கத்து விரலோடு ஒப்பிட்டுத் தொட்டால் அது நன்றாகவே தெரியும். குழாய்ச் சுவரில் சிறு இடைவெளிகள் உண்டாகி பிளாஸ்மா வெளியே கசிவதால் வீக்கம் வருகிறது. வீக்கத்தின் அழுத்தமும் அங்கே உருவாகும் வேறு சில வேதிப்பொருள்களும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலிக்கிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கையும் ரோமானியரான செல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அழற்சியின் அறிகுறிகளாக எழுதி வைத்தார்.

பிளாஸ்மா கசிந்ததால் குழாயில் எஞ்சிய இரத்தம் கெட்டியாகி மெதுவாக ஓடுகிறது. இதை விளக்க எங்கள் மலைப்பாதையைச் சொல்வேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வேகமாக ஓடும் பேருந்திலிருந்து யாரும் இறங்க முடியாது. வளைவில் அது மெதுவாகும்போது இறங்கலாம். அதுபோல ஓட்டம் குறைந்ததும் வெள்ளையணுக்கள் குழாயின் ஓரத்துக்கு வருகின்றன. அங்கே சுவர் ஒட்டும் தன்மை பெற்றிருக்கும். அவை சுவரில் உருண்டு, ஒட்டி, செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேறி, காயத்தின் வேதிப்பொருள்களைத் தொடர்ந்து முள்ளை அடைகின்றன.

முதலில் பெருமளவில் வருபவை நியூட்ரோஃபில்கள். வெள்ளையணுக்களில் 60 முதல் 65 விழுக்காடு அவையே. சில மணி நேரத்தில் வரத் தொடங்கி, முதல் நாளில் அவையே அங்கு மிகுதியாக இருக்கும். பாக்டீரியாக்களை விழுங்கி அழித்துத் தாமும் மடியும். இறந்த நியூட்ரோஃபில்களும் பாக்டீரியாக்களும் திசுக் கழிவும் சேர்ந்ததே சீழ்; அது "கெட்ட ரத்தம்" அல்ல. ஓரிரு நாளில் மோனோசைட்டுகள் மிகுதியாக வந்து, மேக்ரோஃபேஜ்களாக மாறி, கழிவுகளை விழுங்கிக் காயம் ஆறுவதற்கு வழிசெய்கின்றன. லிம்ஃபோசைட்டுகள் குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உருவாக்கப் பல நாள்கள் ஆகும். ஈசினோஃபில்களுக்குப் புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும்தான் முக்கிய வேலை. மிகக் குறைவாக உள்ள பேசோஃபில்கள், மாஸ்ட் செல்களைப் போல ஹிஸ்டமினை வெளியிடுகின்றன.

இதைக் கண்டறிய உதவியதும் ஒரு முள்தான். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் எலீ மெச்னிகாஃப், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்த உயிரிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே சிவப்பும் இல்லை. ஆனாலும் செல்கள் வந்தன. அழற்சியின் நோக்கம் விழுங்கும் செல்களைக் காயத்துக்குக் கொண்டு சேர்ப்பதே என்பதை மாணவர்கள் இதிலிருந்து எளிதில் புரிந்துகொள்கிறார்கள். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முள் முழுதாக வெளியே வந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் சிவப்பும் வலியும் குறைய வேண்டும். முனை உடைந்து உள்ளே தங்கினால் நியூட்ரோஃபில்கள் வந்துகொண்டே இருக்கும். வலியும் சீழும் தொடரும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கைமேல் சிவப்புக் கோடாக ஏறினாலோ, மாணவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

காயத்தில் காப்பித்தூள் அப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது வெளிக்கிருமிகளைக் கொண்டுவரும். வெள்ளையணுக்களுக்கு வேலை கூடும். சோப்பும் ஓடும் நீரும் போதும். டெட்டனஸ் மட்டும் தனி. அதன் நச்சு நரம்புகளைத் தாக்குவதால், அதிகம் சிவக்காத காயத்திலும் ஆபத்து இருக்கும். 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் டிடி தடுப்பூசி அதற்காகத்தான். பாடம் முடியும் நாளில், வகுப்பில் யார் யாருக்கு அது விடுபட்டிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.