நஞ்சுக்கொடி சொல்லும் சேதி

கர்ப்பமாகிப் பத்து வாரம் கடந்த பெண்ணின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். சில நாட்களில் அறிக்கை வருகிறது. ‘டிரைசோமி 21: ஹை ரிஸ்க்’ என்கிறது ஒரு வரி. ‘இந்தப் பரிசோதனை 99 சதவீதத்துக்கு மேல் துல்லியமானது’ என்கிறது இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் தம்பதிக்கு, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பது 99 சதவீதம் உறுதி என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் தாள் அப்படிச் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள, என்.ஐ.பி.டி. எனப்படும் இந்தப் பரிசோதனை எதை எண்ணுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் உடலில் செல்கள் இறந்துகொண்டே இருக்கின்றன. அப்போது அவற்றுக்குள் இருக்கும் டி.என்.ஏ. சிறு துண்டுகளாகி ரத்தத்தில் கலக்கிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் அவருடைய துண்டுகளோடு கர்ப்பத்திலிருந்து வந்த துண்டுகளும் மிதக்கின்றன. ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மாரின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமின் துண்டுகள் இருப்பதை 1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த பரிசோதனை 2011 முதல் மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்தது.

தாயின் துண்டு எது, கர்ப்பத்தின் துண்டு எது என்று பிரித்தெடுக்காமலே ஆய்வகம் கணக்குப் போட்டுவிடுகிறது. ரத்தத்திலிருந்து 10 லட்சம் துண்டுகளைப் படித்ததாக வைத்துக்கொள்வோம். 21ஆம் குரோமோசோம் மிகச் சிறியது. அதன் பங்காக ஏறக்குறைய 13,000 துண்டுகள் கிடைக்கும். மொத்தத்தில் 10 சதவீதம் கர்ப்பத்திலிருந்து வந்தது என்றால், இந்த 13,000இல் 1,300 அதனுடையது. டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். அப்போது 1,300 என்பது 1,950 ஆகும். மொத்தம் 13,650க்கு உயரும். இந்த 650 கூடுதலைத்தான் கருவி தேடுகிறது. கர்ப்பத்தின் பங்கு 4 சதவீதமே என்றால் கூடுதல் வெறும் 260 ஆகச் சுருங்கிவிடும். எண்ணிக்கையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தில் அது கரைந்துபோகலாம். சில நேரம் ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்று அறிக்கை வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். பத்து வாரத்துக்கு முன்பே ரத்தம் எடுத்தாலும், தாயின் உடல் எடை மிக அதிகமாக இருந்தாலும் இந்தப் பங்கு குறையும்.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. கர்ப்பத்திலிருந்து வந்தவை என்று சொன்ன துண்டுகள் குழந்தையின் உடலிலிருந்து வந்தவை அல்ல. அநேகமாக எல்லாமே நஞ்சுக்கொடியின் வெளிப்புற செல்களிலிருந்து வந்தவை. குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஒரே கருமுட்டையிலிருந்து உருவானவைதான். பெரும்பாலும் இரண்டின் குரோமோசோம்களும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஆரம்ப நாட்களில் செல்கள் பிரியும்போது ஏதாவது ஒரு செல்லில் தவறு நேர்ந்து, அந்தச் செல்லின் வழி வந்தவை நஞ்சுக்கொடியில் மட்டும் தங்கிவிடுவது உண்டு. குழந்தை நன்றாக இருக்கும். நஞ்சுக்கொடியின் ஒரு பகுதியில் மட்டும் கூடுதல் குரோமோசோம் இருக்கும். ரத்தப் பரிசோதனை அதைச் சரியாகவே எண்ணும். எண்ணிக்கையில் பிழை இல்லை, எண்ணப்பட்டது வேறொன்று.

வேறு காரணங்களும் உண்டு. இரட்டைக் கருவாகத் தொடங்கி ஒன்று ஆரம்பத்திலேயே கலைந்திருந்தால், அதன் திசு பல வாரங்கள் டி.என்.ஏ.வை வெளியிட்டுக்கொண்டிருக்கும். தாயின் குரோமோசோம்களிலேயே அவருக்குத் தெரியாத சிறு மாறுபாடு இருக்கலாம். மிக அரிதாக, தாய்க்கு இன்னும் கண்டறியப்படாத புற்றுநோய் இருந்து கணக்கைக் குழப்பியதும் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் 99 சதவீதம் என்பது பொய்யா? இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கர்ப்பங்களில் 99ஐ இது கண்டுபிடிக்கும் என்பதே அதன் பொருள். ‘ஹை ரிஸ்க்’ என்று வந்த 100 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே பிரச்சினை என்பது வேறு கேள்வி. அதற்கான விடை தாயின் வயதைப் பொறுத்தது.

25 வயதுப் பெண்களின் கர்ப்பங்களில் சுமார் ஆயிரத்தில் ஒன்றில் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அந்த வயதில் ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் 100 கர்ப்பங்களில் பிரச்சினை; அதில் 99 பிடிபடும். மீதி 99,900 பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறான எச்சரிக்கை வந்தால்கூட, அது சுமார் 100 பேர். ஆக, எச்சரிக்கை பெற்ற ஏறக்குறைய 200 பேரில் பாதிப் பேருக்குக் குழந்தை நலமாகவே இருக்கும். 40 வயதில் நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதே பரிசோதனையில் எச்சரிக்கை பெற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது உண்மையாக இருக்கும். 2015இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் எல்லா வயதினருமாக 15,841 பெண்களைச் சோதித்தார்கள். டவுன் சிண்ட்ரோம் இருந்த 38 கர்ப்பங்களும் பிடிபட்டன. கூடவே பிரச்சினை இல்லாத 9 பேருக்கும் எச்சரிக்கை வந்தது. குறை எவ்வளவு அரிதோ, தவறான எச்சரிக்கையின் பங்கு அவ்வளவு கூடும். டிரைசோமி 13 போன்றவற்றில் இது இன்னும் அதிகம்.

ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வயது 27. பன்னிரண்டாம் வாரத்தில் ‘டிரைசோமி 13: ஹை ரிஸ்க்’ என்று வருகிறது. உண்மையில் டிரைசோமி 13 இருந்தால் மூளை, இதயம், முகம் என்று பல உறுப்புகளில் கடும் குறைகள் இருக்கும். அவற்றில் பல அந்த வாரத்திலேயே நல்ல ஸ்கேனில் தெரிய வாய்ப்புண்டு. இவருடைய என்.டி. ஸ்கேனிலோ எல்லாம் இயல்பு. அடுத்து என்ன செய்வது? சி.வி.எஸ். பரிசோதனையை உடனே செய்யலாம். ஆனால் அதில் ஊசியில் வருவது நஞ்சுக்கொடித் திசு. சந்தேகம் நஞ்சுக்கொடியின் மேலேயே இருக்கும்போது, அதையே மறுபடி கேட்டால் பழைய பதிலே வரக்கூடும். அதனால் இப்படிப்பட்ட நிலையில் பதினாறாவது வாரம் வரை பொறுத்து, பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும் ஆம்னியோசென்டெசிஸையே மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அந்த நீரில் இருப்பவை குழந்தையின் தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் உதிர்ந்த செல்கள். முதல் பதில் சில நாட்களிலும், குரோமோசோம்களின் முழுப் படம் ஏறக்குறைய இரண்டு வாரத்திலும் கிடைக்கும். இதனால் கருச்சிதைவு நேரும் அபாயம் உண்டு. தேர்ந்த கைகளில் அது ஆயிரத்தில் சிலருக்கே. மாறாக, ஸ்கேனிலேயே குறை தெரிந்தால் காத்திருக்கத் தேவையில்லை, சி.வி.எஸ். போதும்.

காத்திருந்தால் காலம் கடந்துவிடுமோ என்ற பயம் பலரை அவசர முடிவுக்குத் தள்ளுகிறது. 2021இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம், குழந்தைக்குக் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பதினாறாவது வாரத்துப் பரிசோதனையின் முடிவு அதற்கு வெகு முன்பே கையில் இருக்கும்.

‘ஹை ரிஸ்க்’ என்ற தாள் வந்தால் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் வயதில் இந்த எச்சரிக்கை உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஸ்கேன் என்ன சொல்கிறது? உறுதிசெய்ய சி.வி.எஸ்.ஸா, பனிக்குட நீரா? குழந்தையின் செல்களே பதில் சொல்லும் வரை, அந்தத் தாளை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.