நள்ளிரவு அழைப்புகளை யார் எடுக்கிறார்கள்?

இரவு இரண்டு மணிக்கு ஒரு செயலி முடங்கினால் எங்கோ ஒரு பொறியாளரின் கைபேசி அலறும். மென்பொருள் நிறுவனங்களில் இந்த முறைப்பணிக்கு 'ஆன்-கால்' என்று பெயர். இதில் சோர்ந்து விழுபவர் பெரும்பாலும் வேலை தெரியாதவர் அல்ல. எல்லோரும் நம்பிக் கூப்பிடும் கெட்டிக்காரர்தான்.

நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் இந்தப் பணிச்சோர்வைப் பற்றி எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் உண்டென்று வகுத்தார்: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலைமீது கசப்பு, 'நான் செய்வதில் ஒன்றுமில்லை' என்ற எண்ணம்.

களைப்பு எல்லோர் கண்ணிலும் படும். கசப்பைத்தான் டீம் லீடுகள் தவறாகப் படிக்கிறார்கள். கோளாறின் மூலகாரணத்தைத் தோண்டி எடுத்தவர், இப்போது சர்வரை மீண்டும் இயக்கிவிட்டு டிக்கெட்டை மூடுகிறார். கூட்டத்தில் துருவித் துருவிக் கேட்டவர், "சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று ஒதுங்குகிறார். 'ஆளுக்குத் திமிர் வந்துவிட்டது' என்று மதிப்பீட்டுப் படிவத்தில் ஏறிவிடுகிறது! இதற்கு வீட்டுக் கவலையோ நோயோகூடக் காரணமாக இருக்கலாம். அதனால் தனியே அழைத்துக் கேட்பதோடு, வேலைப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆறு பேர் கொண்ட ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாதத்தில் 40 இரவு அழைப்புகள். முறைப்பட்டியல் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் 22 அழைப்புகளை முடித்தவர் ஒரே ஆள். முறை யாருடையதானாலும், சிக்கலென்றால் அவரையே எழுப்புகிறார்கள். பட்டியலை மட்டும் பார்க்கும் லீடுக்கு இது தெரியவே தெரியாது.

கூகுளின் தள நம்பகத்தன்மைக் குழுக்கள் இதற்கு ஒரு வரம்பு வைத்தன: 12 மணி நேர ஷிப்ட்டில் அதிகபட்சம் இரண்டு சம்பவங்கள். ஒரு கோளாறைச் சரிசெய்து, காரணம் கண்டு, அறிக்கை எழுத ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பது கணக்கு. வரம்பு தொடர்ந்து மீறப்பட்டால், அந்தச் சுமையை மென்பொருளை உருவாக்கிய குழுவிடமே தள்ளிவிடலாம்.

நம் குழுவில் அந்த ஒருவருக்கு நான்கு நாள் விடுப்பு கொடுத்தால் போதுமா? திரும்பி வந்ததும் அதே 22 அழைப்புகள் காத்திருக்கும். யோகா வகுப்பும் அப்படித்தான், நிர்வாகத்துக்குச் செலவு குறைவு என்பதைத் தவிர. அவரை இரவுப் பட்டியலிலிருந்து சில வாரங்கள் எடுத்துவிட வேண்டும். பகலில் இன்னொருவர் கோளாறைச் சரிசெய்ய, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டினால் போதும். அதற்கு ஈடாக அவருடைய புதிய வேலை ஒன்றின் கெடுவையும் தள்ளிப்போட வேண்டும். காலைவரை பொறுக்கக்கூடிய எச்சரிக்கைகள் இரவில் யாரையும் எழுப்பாதபடி அமைப்பை மாற்றலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோயாக அல்ல, கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவாக வகைப்படுத்தியதும் இதற்குப் பொருந்துகிறது.

அவர் திரும்பும்போது முதல் ஆளாக அல்லாமல் மாற்று ஆளாகப் பட்டியலில் சேர்க்கலாம். பிறகு மாதந்தோறும் அழைப்புகளை ஆள்வாரியாக எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை மறுபடி அவர் பக்கமே சாய்ந்தால், மற்ற ஐவருக்கும் அந்த வேலை இன்னும் கைவரவில்லை.