கழித்தல் குறி காணாமல் போனால் யாருடைய தவறு?

இயற்பியலில் மூன்று மதிப்பெண் கணக்கு ஒன்று. 2 மைக்ரோகூலூம், 3 மைக்ரோகூலூம் என இரண்டு மின்னூட்டங்கள் 0.3 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அவற்றுக்கிடையே செயல்படும் விசை எவ்வளவு? கூலூம் விதியில் எண்களைப் போட்டால் 0.6 நியூட்டன் என்று விடை வரும். மாணவி அப்படித்தான் எழுதியிருந்தாள். ஆனால் அவள் அனுப்பிய படத்தில், 10-இன் தலைமேல் இருக்கவேண்டிய −6 வெறும் 6 ஆக நின்றது. கீழே வகுக்கும் எண் 0.3 என்பது 03 போலத் தெரிந்தது. ‘படிகளில் பிழை’ என்று ஆசிரியர் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

2021 மே மாதம், பள்ளிகள் பூட்டிக்கிடந்த இரண்டாம் அலைக் காலம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்ஆப் வழியாக அலகுத் தேர்வு நடந்தது. கேள்வித்தாள் கைப்பேசிக்கு வரும். பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து அனுப்புவார்கள். அந்த மாணவி படித்த அரசு உதவி பெறும் பள்ளியில் இந்த ஒரு மதிப்பெண் சிறு பஞ்சாயத்து ஆனது. “மேடம், என் கண்ணுக்குத் தெரியிறதுக்குத்தானே நான் மார்க் போட முடியும்?” என்று ஆசிரியர் தலைமையாசிரியையிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தாளைப் படம் பிடித்துப் பார்த்தபோது கழித்தல் குறி அதில் இருந்தது. ஆக, மாணவி பக்கமும் நியாயம் இருந்தது.

இதற்குப் பிறகுதான் தலைமையாசிரியை ஆசிரியர்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதினார். படமாக வரும் விடைத்தாளைத் திரையில் எப்படித் திருத்துவது என்பதற்கான விதிகள் அதில் இருந்தன. அதன் நடுநாயகமான விதி இது: படத்தில் தெரியாத ஒன்றைத் தவறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தெரியவில்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கழித்தல் குறி எங்கே போனது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இன்றைய சாதாரண கைப்பேசியே ஒரு பக்கத்தை 4000 புள்ளி நீளத்தில் படம் பிடித்துவிடும். அதை வாட்ஸ்ஆப்பில் வழக்கமான படமாக அனுப்பும்போது, நீளவாக்கில் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருக்கி, கோப்பின் எடையையும் குறைத்துத்தான் அது அனுப்புகிறது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். தாள் மட்டுமே சட்டத்தை நிறைத்திருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து புள்ளிகளுக்குச் சற்று மேல் கிடைக்கும். பால்பாயிண்ட் பேனாவின் கோடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். ஆக, அடுக்கில் வரும் கழித்தல் குறிக்குக் கிடைப்பது இரண்டு புள்ளி உயரம். தசமப் புள்ளிக்கும் அவ்வளவுதான்.

இது நல்லபடியாக எடுத்த படத்தின் கணக்கு. நோட்டை விரித்து இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கி, ஓரத்தில் பாயும் தரையும் தெரிய எடுத்தால், அதே குறிக்கு ஒரு புள்ளிதான் மிஞ்சும். சுருக்கும் மென்பொருள் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளை மழுங்கடித்துவிடும். ஒற்றைப் புள்ளிக் கோடு காகிதத்தின் நிறத்தோடு கரைந்துபோகும். எழுத்துகள் பெரியவை என்பதால் தப்பித்துக்கொள்கின்றன. பக்கம் முழுதும் படிக்கும்படி இருப்பதால் ஏதோ போய்விட்டது என்ற சந்தேகமே ஆசிரியருக்கு வருவதில்லை. ஆபத்து இங்கேதான். முழுக்க மங்கலான படம் வந்தால் யாரும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முக்கால்வாசி தெளிவாக இருக்கும் படம்தான் ஏமாற்றும்.

கடிதம் இதற்குச் சொல்லும் வழி எளிது. படத்தைப் படமாக அனுப்பாமல், வாட்ஸ்ஆப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு ‘டாக்குமெண்ட்’ என்பதைத் தேர்ந்து அனுப்பச் சொல்ல வேண்டும். அப்படிப் போகும் கோப்பில் வாட்ஸ்ஆப் கைவைப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு படம். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். தலைக்கு மேலே குழல்விளக்கு இருந்தால் கையின் நிழல் தாளில் விழும். ஃபிளாஷ் வேண்டாம்.

ஸ்கேன் செயலிகளில் இன்னொரு கண்ணி உண்டு. பலரும் பழகியிருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூன் மாதம் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஒன்றாகப் போனது. பிள்ளைகள் கைக்குக் கிடைத்த வேறு செயலிகளுக்கு மாறினார்கள். அவற்றில் ‘கறுப்பு வெள்ளை’ என்றொரு தேர்வு இருக்கும். அது ஒவ்வொரு புள்ளியையும் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை என்று ஆக்கிவிடும். பேனா எழுத்து அச்சடித்ததுபோல் பளிச்சிடும். பென்சிலில் வரைந்த கதிர்ப்படமும் மின்சுற்றும் வெள்ளைப் பக்கம் சேர்ந்து மறைந்துபோகும். படத்துக்குப் பெயர் எழுதியிருக்கிறது, அம்புக்குறிகள் இருக்கின்றன, நடுவில் படம் மட்டும் இல்லை என்றால் மாணவர் வரையவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இந்தத் தேர்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த விதி, திருத்தும் முன் பக்கங்களை எண்ணுவது. ஒவ்வொரு தாளின் மேலும் 3/8 என்பதுபோல, எட்டுப் பக்கத்தில் இது மூன்றாவது என்று மாணவர் எழுத வேண்டும். வெறும் 3 என்று எழுதினால் கடைசிப் பக்கம் வராமல் போனதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாள் அமைப்பில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பது கேள்விக்கு ஆறு எழுதினால் போதும். ஆனால் 24-ஆம் கேள்வி கட்டாயம். மூன்று மதிப்பெண் பகுதியிலும் அப்படியே, அங்கே கட்டாயக் கேள்வி 33. கட்டாயக் கேள்விக்கு விடை இல்லை என்று தோன்றினால், அதை எழுதாமல் விட்டாரா அல்லது அந்தப் பக்கம் வந்து சேரவில்லையா என்பதைப் பக்க எண்தான் சொல்லும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதைக்கூடக் கடிதம் விட்டுவைக்கவில்லை. மாணவர் அனுப்புவது `12A_07_PHY.pdf`. ஆசிரியர் திருத்திய நகல் `12A_07_PHY_M.pdf`. வரிசை எண் 7 என்று இல்லாமல் 07 என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல கணினிகள் 10-ஐ 7-க்கு முன்னால் அடுக்கிவிடும், மதிப்பெண் பட்டியலில் ஏற்றும்போது ஒருவருடையது மற்றவருக்குப் போகும். வந்த கோப்பின்மீது நேரடியாகத் திருத்தக் கூடாது; நகல் எடுத்துக்கொண்டு அதில்தான் சிவப்பு விழ வேண்டும். பிறகு பிரச்சினை வந்தால் பிள்ளை எழுதியது எது, ஆசிரியர் போட்டது எது என்று பிரித்துக்காட்ட மூலக்கோப்பு கையில் இருக்கும்.

திரையில் திருத்துபவருக்குக் காகிதத்தில் இருக்கும் ஒரு பாதுகாப்பு இல்லை. காகிதத்தைப் புரட்டும் விரலுக்கு ஒட்டிய தாள் தெரியும். திரையிலோ விரலைத் தள்ளும் வேகத்தில் ஒரு பக்கம் நழுவினாலும் தெரியாது. அதனால் எல்லாப் பக்கத்திலும் ஒரு குறியாவது இருக்க வேண்டும் என்கிறது கடிதம். காலிப் பக்கமானால் குறுக்கே ஒரு கோடு. விடைத்தாள்களை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும் பன்னாட்டுத் தேர்வு வாரியங்களிலும் காலிப் பக்கத்தைப் பார்த்தாயிற்று என்று குறி போடும் வழக்கம் உண்டு. மதிப்பெண்ணை வலப்பக்க ஓரத்தில் இலக்கமாகப் போட வேண்டும். மஞ்சள் ஹைலைட்டரை எண்கள்மேல் இழுக்கக் கூடாது.

இன்னொன்று, பலர் அறியாதது. பி.டி.எஃப்.மேல் நாம் போடும் டிக், கோடு, இலக்கம் எல்லாம் தாளோடு ஒட்டிக்கொள்வதில்லை. தனி அடுக்காக மேலே நிற்கின்றன. கைப்பேசியில் இருக்கும் சில எளிய செயலிகள் அந்த அடுக்கைக் காட்டுவதில்லை. ஆசிரியர் ஒரு மணி நேரம் உழைத்துத் திருத்தி அனுப்பியிருப்பார். பிள்ளை திறந்தால் தான் எழுதியதுதான் அப்படியே இருக்கும். திருத்தி முடித்ததும் அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாக ‘பி.டி.எஃப். ஆகச் சேமி’ என்பதைத் தேர்ந்தால் இரண்டு அடுக்கும் ஒன்றாகிவிடும். அனுப்பும் முன் அதை வேறொரு கைப்பேசியில் திறந்து பார்ப்பது நல்லது.

சரி, தெரியாத இடம் வந்தால் என்ன செய்வது? கடிதத்தில் அதிகம் யோசித்து எழுதப்பட்ட பகுதி இதுதான். ஆசிரியர் அந்த இடத்தில் வட்டமிட்டு, மதிப்பெண் போடாமல் கேள்விக்குறி இட வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி கேட்க வேண்டும்; முழுத் தாளையும் அல்ல. ஒரு நாள் அவகாசம். வீட்டில் ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போகிறார் என்றால் இரவுதான் படம் வரும்; அதற்கு இடம் கொடுக்க வேண்டும். எல்லாப் பக்கமும் வந்து சேரும்வரை விடைக்குறிப்பை வெளியிடக் கூடாது.

மறுபடி கேட்டால் பிள்ளை திருத்தி எழுதி அனுப்பிவிடாதா என்று ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். அனுப்பலாம்தான். ஆனால் பழைய படம் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வரிகள் முடியும் இடம், அடித்தல்கள், எழுத்தின் சாய்வு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். புதிதாக எழுதிய பக்கம் இந்தச் சோதனையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். அதே தாளில் ஒரு சிறு கோட்டை மட்டும் சேர்த்திருந்தால் இந்த ஒப்பீடு உதவாது. அப்போது கணக்கின் போக்கைப் பார்க்க வேண்டும். நம் மாணவியின் கணக்கில் இரண்டு இடத்திலும் 10⁶ என்றே இருந்திருந்தால், மேலே 54×10²¹ என்று போயிருக்கும். அவள் எழுதியிருந்ததோ 54×10⁻³. கீழே 0.3-இன் வர்க்கம் 0.09, இரண்டையும் வகுத்தால் 0.6. அடுத்த வரி, முந்தைய வரியில் மறைந்த குறி இருந்தது என்று சாட்சி சொல்கிறது. ஆசிரியர் அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. யார் எழுதியது, பக்கத்தில் புத்தகம் இருந்ததா என்பதை எந்தப் படமும் சொல்லாது. ஆகவே இந்த மதிப்பெண்களை வைத்து ரேங்க் போடக் கூடாது, எந்தப் பாடத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்று பார்க்க மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கடிதம் கறாராகச் சொல்கிறது. திருத்திய தாளை வகுப்புக் குழுவில் போடக் கூடாது. தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும். பள்ளிக் கணினியில் சேர்த்ததும் ஆசிரியர் தன் கைப்பேசியிலிருந்து அழித்துவிட வேண்டும். பெண் பிள்ளைகளின் வீட்டுப் பின்னணி படிந்த படங்களும் அவற்றில் இருக்கும் என்பதால் இந்த விதி எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

படம் பிடித்து அனுப்பும் பழக்கம் கொரோனாவோடு போய்விடவில்லை. மழை விடுமுறையிலும் டியூஷன் தேர்வுகளிலும் இன்றும் தொடர்கிறது. பெற்றோர்கள் ஒன்று செய்யுங்கள்: மதிப்பெண் கைக்கு வரும்வரை பிள்ளை எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மதிப்பெண் குறைந்திருந்தால், பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் அனுப்பிய படத்தையும் தாளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.