ஒரே கரண்ட் பில், மூன்று கடைகள்

மெயின் மீட்டரில் 1,000 யூனிட். சப்-மீட்டர்களில் பேக்கரி 500, ஜவுளிக்கடை 250, தையல்கடை 150, மொத்தம் 900. மீதி 100 யூனிட் மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போனது. அதை யார் கட்டுவது?

சதுர அடிக் கணக்கில் பிரிக்கலாம். கடைகளின் பரப்பு முறையே 300, 500, 200 சதுர அடி என்றால், பொது யூனிட்டில் தையல்கடைக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20. அதன் சொந்த 150-ஐச் சேர்த்தால் 170. மொத்த பில் 10,000 ரூபாய் என்றால் யூனிட்டுக்குச் சராசரி 10 ரூபாய்; தையல்கடை 1,700 கட்டும். இதே கணக்கில் பேக்கரிக்கு 5,300, ஜவுளிக்கடைக்கு 3,000.

எல்லா மீட்டரையும் மெயின் ரீடிங் எடுக்கும் அன்றே குறிக்க வேண்டும். நாள் மாறினால் அந்த வித்தியாசம் பொதுச்செலவுக் கணக்கில் கலந்து, அதைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். மோட்டார் வழக்கம்போல் ஓடியும் 100 திடீரென 200 ஆனால், மின்கசிவா, சப்-மீட்டர் பழுதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.