பிடித்தலும் பற்றுதலும்: பரபரப்பான காட்சிகளில் பிடிப்பு வினைகளின் பயன்பாடு

ஆங்கிலப் புதினத்தின் பரபரப்பான காட்சி ஒன்றைத் தமிழாக்குபவர் முதலில் தடுமாறுவது சிறிய வினைச்சொற்களில்தான். கிரிப், கிளட்ச், கிராஸ்ப், சீஸ் என்று பிடிப்பைக் குறிக்கத் தனித்தனிச் சொற்கள் அங்கே உள்ளன. முதல் இரண்டும் இருசக்கர வண்டி வழியாகத் தமிழருக்கும் பழக்கமானவை. இவற்றுக்கு நேராகத் தமிழிலும் தனித்தனிச் சொற்களைத் தேடுவோர் பிடித்தான், பற்றினான், கவ்வினான், கைப்பற்றினான் என்பவற்றை மாற்றி மாற்றி இடுகின்றனர். தமிழ் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் வேர்ச்சொல்லில் வைப்பதில்லை. முன்னே வரும் வினையெச்சத்திலும் பின்னே வரும் துணைவினையிலும் வைக்கிறது. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

களமாகப் பரமத்தி வேலூரை ஒட்டி ஓடும் காவிரியைக் கொள்ளலாம். கீழ்வரும் பகுதி இக்கட்டுரைக்காக எழுதப்பட்டது.

கயிறு அவன் தலைக்கு மேலாகப் பறந்து நீரில் விழுந்தது. கை துழாவியது. நுனி விரலில் பட்டு வழுகியது. மறுபடி எட்டிப் பிடித்தான். ஈரக்கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். பிடி நின்றது. “உட்டுறாதெ கண்ணு, கெட்டியாப் புடிச்சுக்கோ!” என்று பரிசல்காரர் கத்தினார்.

எச்சமும் துணைவினையும்

இப்பகுதியில் ‘பிடி’ என்னும் வேர் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. பதற்றத்தை உண்டாக்குபவை அதனைச் சூழ்ந்துள்ள சொற்கள். துழாவுதல், படுதல், வழுகுதல் ஆகியவை பிடிப்புக்கு முந்தைய நிலைகள். அவற்றைக் கடந்த பின்னரே ‘எட்டிப் பிடித்தான்’ வருகிறது. ‘எட்டி’ என்னும் எச்சம் தொலைவைக் காட்டுகிறது. அவ்விடத்தில் ‘தாவி’ என்றால் உடல் முழுவதும் நகர்ந்ததாகும். ‘இறுக்கி’ என்றால் தொலைவு மறைந்து விசை மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இவ்வெச்சங்கள் செய்கின்றன.

துணைவினையின் வேலை இதனினும் நுட்பமானது. ‘பிடித்தான்’ என்பது செயல் நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘பிடித்துவிட்டான்’ என்றால் பிடிப்பானா மாட்டானா என்ற ஐயம் அதுவரை இருந்து, அப்போது தீர்ந்தது. ‘பிடித்துக்கொண்டான்’ என்பதில் பிடி தொடர்கிறது, அதுவும் பிடித்தவனின் காப்புக்காக. ‘பிடித்திருந்தான்’ என்பது நிலையைக் காட்டுவதால் காட்சியின் வேகம் குறைகிறது. மேற்காட்டிய பகுதியில் ‘எட்டிப் பிடித்தான்’ என்பதை ‘எட்டிப் பிடித்துக்கொண்டான்’ என மாற்றிப் பார்க்கலாம். அடுத்து வரும் ‘உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது’ என்னும் தொடர் உடனே முரணாகிவிடும். பிடி நிலைத்துவிட்டதென்று வாசகர் அமைதியடைந்த பின் கயிறு நழுவுவதில் பரபரப்பு ஏதுமில்லை. ‘கொள்’ முதன்முதலாகப் பிடிப்போடு சேர வேண்டிய இடம் முன்கையில் கயிறு சுற்றப்படும் இடமே. பரிசல்காரரின் பேச்சிலும் அதே ‘கொள்’ கொங்கு வழக்கில் ‘புடிச்சுக்கோ’ என நிற்கிறது. அவர் வேண்டுவது பிடிக்கும் செயலை அன்று, பிடி விடாதிருத்தலை.

‘பிடி’ பெயராகவும் நிற்பது தமிழுக்குள்ள வசதி. பிடி நின்றது, பிடி நழுவியது, பிடி தளர்ந்தது, பிடி இறுகியது என்னும்போது எழுவாய் ஆளிடமிருந்து கைக்கு மாறுகிறது. ‘கிரிப்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு மிக நெருக்கமானது இந்தப் பெயர்ப் பயன்பாடே. தன் உடலே தன் வசத்தில் இல்லாத ஒருவனைக் காட்டுவதற்கு இது பொருந்துகிறது.

‘பற்று’ தரும் இடையூறு

எழுத்து நடைக்கு உயர்வு தரும் என்று கருதிப் ‘பிடி’ வரவேண்டிய இடமெல்லாம் ‘பற்று’ என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இதில் பொருளைவிட வாசிப்போட்டத்துக்கே கேடு மிகுதி. ‘அவன் கயிற்றைப் பற்றி’ என்று ஒரு தொடர் தொடங்கினால் வாசகரின் கண் அதனைக் ‘கயிற்றைக் குறித்து’ என்றே முதலில் கொள்கிறது. இரண்டாம் வேற்றுமையை அடுத்து வரும் ‘பற்றி’ இக்காலத் தமிழில் சொல்லுருபாகவே மிகுதியும் வழங்குவது இதற்குக் காரணம். தொடர் முடிந்த பின்னரே பொருள் திருந்துகிறது; அதற்குள் காட்சியின் வேகம் போய்விடும். ‘பற்றிக்கொண்டு’ என்றோ ‘இறுகப் பற்றி’ என்றோ எழுதினால் இடர் நீங்கும். நடுவில் ஓர் அடைமொழி வந்தாலே போதும், வேற்றுமை உருபும் ‘பற்றி’யும் அடுத்தடுத்து நில்லாமல் போகும்.

பொருளளவிலும் வேறுபாடு உண்டு. பிடித்தல் கை மூடும் செயல். ‘ஒரு பிடி சோறு’ என்பதில் அந்த மூடிய கையே அளவாகிறது. பற்றுதல் ஒட்டி நிற்றல். தீயும் பற்றும், கொடியும் பற்றும். எனவே நீரில் தவிப்பவன் தன்னை மீட்க வந்தவரின் தோளில் ஒட்டி நிற்கும் நிலைக்குப் ‘பற்றிக்கொண்டான்’ பொருத்தமானது. பறந்து வரும் கயிற்றின் நுனிக்கு அது பொருந்தாது. உரையாடலுக்கும் பொருந்தாது, ஆற்றங்கரையில் நின்று ‘பற்றிக்கொள்’ என்று யாரும் கத்துவதில்லை.

இங்கே உடலின் உண்மை ஒன்றையும் கருத வேண்டும். மூழ்கும் நிலையின் இறுதிக் கட்டத்தில் இருப்பவரால் பெரும்பாலும் கயிற்றை நோக்கிக் கை நீட்ட இயலாது. மூச்சுக்காக வாயை நீருக்கு மேலே வைத்திருக்க இரு கைகளும் தாமாகவே நீரைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். அந்நிலையில் ‘எட்டிப் பிடித்தான்’ என்று எழுதுவது பொய்யாகும். ஆனால் அருகில் வந்த ஆளைத் தொட்டுவிட்டால் அவரையே கட்டிப்பிடித்து மேலேற முயல்வர். மீட்பவரும் மூழ்குவது இவ்வாறுதான். ‘கட்டிப்பிடித்துக்கொண்டான்’ என்னும் அன்பின் சொல் அங்கே அச்சம் தரும் சொல்லாகிவிடுகிறது.

கை மூடாத பிடி

நாமக்கல் மாவட்டத்தில் அலங்காநத்தம் முதலிய ஊர்களில் நடைபெறும் சல்லிக்கட்டு இவ்வினைகளுக்கு மற்றொரு உரைகல். கொம்பையோ வாலையோ பிடிக்கலாகாது, திமிலை மட்டுமே பிடிக்கலாம் என்பது விதி. விளையாட்டின் பேச்சுவழக்குப் பெயர் மாடு பிடித்தல். இலக்கியப் பெயர் ஏறு தழுவுதல். முல்லைக்கலி இதனை விரிவாகக் காட்டுகிறது. செயலின் அமைப்பை நோக்கினால் இலக்கியப் பெயரே துல்லியமானது. வளர்ந்த காளையின் திமில் உள்ளங்கைக்குள் அடங்காது. அதனை முழங்கைகளால் வளைத்து மார்போடு சேர்த்தாக வேண்டும். கொம்பும் வாலும்தான் கைக்குள் அடங்கிப் ‘பிடி’ என்னும் சொல்லுக்கு முழுமையாக ஒத்துப்போகின்றன. விதி விலக்குவதும் அவற்றையே.

எனினும் ‘தழுவினான்’ என்பது இன்று காதற்காட்சிக்கு உரியதாகிவிட்டது. காளையின் துள்ளலுக்கு நடுவே அதனை இட்டால் வாசகர் சற்றே சிரிக்கக்கூடும். ‘திமிலில் தொற்றிக்கொண்டான்’ என்பது இதற்கு நல்ல மாற்று. தொற்றுதலில் பிடிப்பவனின் எடை பிடிக்கப்பட்டதன் மேல் தொங்குகிறது. ஓடும் பேருந்தின் படிக்கட்டுக்கும் அதே சொல்தான்.

எதிர்க்கை உள்ள வினைகள்

பறித்தல், பிடுங்குதல், கைப்பற்றுதல் ஆகியவை வேறு வகையின. முதலிரண்டுக்கும் எதிரே வேரோ இன்னொரு கையோ இருக்க வேண்டும். மிதக்கும் கயிற்றைப் பறிக்க இயலாது. மற்றொருவர் கையிலிருக்கும் கயிற்றைத்தான் பறிக்கலாம். கைப்பற்றுதலில் உரிமையே கைமாறுகிறது. கோட்டையும் கடத்தல் பொருளும் கைப்பற்றப்படும். ‘அவன் சட்டைக் கழுத்தைக் கைப்பற்றினான்’ என்று எழுதினால் சட்டை பறிமுதல் ஆனதாகத் தோன்றும். ‘பாய்ந்து கொத்தாகப் பிடித்தான்’ என்றால் விரைவும் விசையும் துணியின் சுருக்கமும் ஒருங்கே தெரியும்.