வெளிநாட்டுப் பரிசோதனை முடிவு: எண்ணைப் படிக்கும் முன் அலகைப் பாருங்கள்

அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பணிபுரிவோர் பலர். அங்கு எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவைக் கைப்பேசித் திரையிலிருந்து படமெடுத்து ஊருக்கு அனுப்புகின்றனர். குடும்பத்தார் அப்படத்துடன் எங்களிடம் வருகின்றனர்.

அண்மையில் சவூதி அரேபியாவில் பணிபுரியும் ஒருவரின் மனைவி அத்தகைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பரிசோதனைகளின் பெயர்கள் ஆங்கிலத்திலும், மற்றவை அரபு மொழியிலும் இருந்தன. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை ‘10.7’ என்றும், கிரியேட்டினின் ‘90’ என்றும் அவர்கள் படித்திருந்தனர். சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று அஞ்சி அழுதார். சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டதாக எண்ணி, கணவரை இனிப்புச் சாப்பிடச் சொல்லியும் இருந்தார். உண்மை இரண்டிலும் நேர்மாறாக இருந்தது.

முதலில் இலக்கங்கள்

அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். ஆகவே பரிசோதனையின் பெயர் வலப்புறத்தில் இருக்கும். ஆனால் எண்களை நாம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். அங்குள்ள இலக்கங்கள் 0 முதல் 9 வரை வரிசையாக இவை:

٠ ١ ٢ ٣ ٤ ٥ ٦ ٧ ٨ ٩

இவற்றில் நம்மை ஏமாற்றுபவை இரண்டு. வட்டமாக இருக்கும் ٥ சுழியன்று, ஐந்து. ஏழைப்போல் தோன்றும் ٦ என்பது ஆறு. சுழியமோ வெறும் புள்ளி. ஆகவே அந்தப் படத்தில் இருந்த ١٥٫٦ என்பது 10.7 அன்று, 15.6. ٩٥ என்பது 90 அன்று, 95.

அடுத்து அலகு

நம் ஆய்வகங்கள் சர்க்கரையை mg/dL என்னும் அலகில் தருகின்றன. அது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் எடை. வேறு பல நாடுகளில் எடைக்குப் பதிலாக மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் mmol/L வழங்குகிறது. ஒவ்வொரு பொருளின் மூலக்கூற்று எடையும் வேறு. அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கணக்கு இல்லை.

சர்க்கரையை நம் அலகுக்கு மாற்ற 18ஆல் பெருக்க வேண்டும். 15.6 × 18 = ஏறத்தாழ 281. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே நீரிழிவு எனக் கருதும் நிலையில், இது மிகவும் அதிகம்.

கிரியேட்டினினை µmol/L அலகில் தந்திருந்தால் 88.4ஆல் வகுக்க வேண்டும். சில திரைகளில் இவ்வலகு umol/L என்றும் வரும். 95 ÷ 88.4 = ஏறத்தாழ 1.1. அவர் வயதுடைய ஆணுக்கு இது இயல்பான அளவே.

பொட்டாசியத்துக்கு இத்தகைய கணக்கு வேண்டாம். நம் ஊரில் mEq/L என்றும் அங்கே mmol/L என்றும் எழுதினாலும் எண் ஒன்றே.

இயல்பு வரம்பு

முடிவுக்கு அருகே அந்த ஆய்வகம் தன் இயல்பு வரம்பையும் தந்திருக்கும். அந்தப் படத்தில் கிரியேட்டினினுக்கு 62 முதல் 106 வரை என்றிருந்தது. 95 அதற்குள் அடங்குவதைக் கணக்கில்லாமலே காணலாம். அங்குள்ள எண்ணை அங்குள்ள வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். நம் ஊர் அறிக்கையில் உள்ள 0.7–1.2 என்னும் வரம்போடு ஒப்பிட்டதால்தான் அச்சம் எழுந்தது. அரபுத் திரையில் வரம்பின் இரு எண்களும் இடம்மாறித் தோன்றலாம், சிறியதே கீழெல்லை. مرتفع என்பது உயர்வையும் منخفض என்பது குறைவையும் குறிக்கும்.

வரம்புக்கும் ஓர் எல்லை உண்டு. நலமுள்ளோரில் 95 விழுக்காட்டினரின் அளவுகளைக் கொண்டே பெரும்பாலும் அது வகுக்கப்படுகிறது. எனவே சற்றே வெளியே நிற்கும் எண் நோய் என்று பொருளாகாது. உள்ளே நிற்பதும் எப்போதும் நலம் என்று பொருளாகாது: மெலிந்த முதிய பெண்மணிக்கு அதே 1.1 சிறுநீரகச் செயல் குறைந்திருப்பதைக் காட்டக்கூடும்.

அன்றே அவருடன் தொலைபேசியில் பேசினோம். பல நாள்களாக மிகுந்த தாகமும் இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் இருந்ததாகக் கூறினார். இனிப்பை நிறுத்தி, அன்று மாலையே அங்குள்ள மருத்துவரிடம் சென்றார். இத்தகைய அளவுடன் வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்குதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், படம் அனுப்பி விடைக்குக் காத்திராமல் உடனே அங்குள்ள அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

எங்களிடம் படம் கொண்டுவரும்போது நோயாளியின் பெயர், தேதி, எண், அலகு, வரம்பு ஆகிய ஐந்தும் ஒரே திரையில் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்டு அலகு மறைந்திருந்தால் அந்த எண்ணை எங்களாலும் உறுதியாகப் படிக்க இயலாது. இயன்றால் முழு அறிக்கையையும் பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.