டெட்லிஃப்ட்: முதலில் மேலிருந்து கீழே

தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவதுதான் டெட்லிஃப்ட். புதிதாகக் கற்க வருகிறவருக்குக் குறைந்த எடை கொடுப்பது சரியே. அந்தக் குறைந்த எடையைத் தரையிலிருந்து எடுக்கச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. போட்டிகளில் மாட்டும் பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ. அதனால் கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ உயரத்தில் இருக்கும். புதியவருக்கு மாட்டுவதோ இரண்டரை கிலோ, ஐந்து கிலோ சின்னத் தட்டுகள். கம்பி கணுக்கால் பக்கம் இறங்கிவிடுகிறது. எடையைக் குறைத்தோம் என்று நினைக்கிறோம். ஆனால் குனிய வேண்டிய ஆழத்தைக் கூட்டிவிட்டோம். பழகாத உடம்பு அந்த ஆழத்துக்குப் போக முதுகை வளைத்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் கீழே இருந்து தூக்குவதை நான் முதலில் சொல்லித்தருவதில்லை. நின்ற நிலையிலிருந்து கீழே போகச் சொல்வேன். அந்தப் போக்குக்குத்தான் ஹிப் ஹிஞ்ச் என்று பெயர்.

மடங்க வேண்டிய இடம் எது என்பதை முதலில் கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். நின்றபடி ஒரு முட்டியை மேலே தூக்குங்கள். தொடையும் அடிவயிறும் சேருமிடத்தில் ஒரு மடிப்பு விழும். அங்கேதான் மடங்க வேண்டும். பெல்ட் கட்டும் இடம் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே மடங்கினால் வளைவது முதுகெலும்பு. இரண்டு உள்ளங்கைகளின் விளிம்பையும் அந்த மடிப்பில் வைத்து, கைகளை உள்ளே அழுத்தியபடி புட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். மேலுடம்பு தானாக முன்னால் சாயும். முட்டி லேசாக மடங்கும், ஆனால் முன்னால் நகராது. தோப்புக்கரணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தோப்புக்கரணத்தில் முட்டி முன்னே வர, உடம்பு நேராகக் கீழே இறங்குகிறது. இதில் உடம்பு பின்னே போகிறது. இறக்கம் அதன் விளைவு மட்டுமே.

சுவரும் ஒரு துடைப்பக் கம்பும் இருந்தால் இதை வீட்டிலேயே பழகலாம். சுவருக்கு முதுகு காட்டி, ஒரு பாத நீளம் தள்ளி நில்லுங்கள். புட்டத்தைப் பின்னே தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தொட்டதும் ஓர் அங்குலம் முன்னே நகர்ந்து மறுபடி தொடுங்கள். பின்னால் சாய்ந்து விழாமல் தொட முடிகிற தூரம்வரை போகலாம். கம்பு எதற்கென்றால், அதை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டால் பின்தலை, தோள்பட்டைகளின் நடுப்பகுதி, முதுகின் அடியில் வால் எலும்புக்குச் சற்று மேலே என மூன்று இடங்களில் தொடும். இறங்கும்போதும் ஏறும்போதும் மூன்றில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. அடித்தொடுதல் விட்டால் இடுப்புக்கு மேல் முதுகு கூனுகிறது என்று அர்த்தம். கீழ் முதுகுக்கும் கம்புக்கும் நடுவில் முழுக் கையே நுழைந்தால் எதிர்ப்பக்கமாக, அளவுக்கு மீறி உள்வளைக்கிறீர்கள். உள்ளங்கையின் கனம் மட்டும் நுழைகிற இடைவெளி சரி.

நாற்பதைத் தாண்டிய ஓர் அக்கா என்னிடம் வந்தார். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. கம்போடு பக்கவாட்டில் நிற்கவைத்து மெதுவாக இறங்கச் சொன்னேன். விரல்கள் முட்டியைத் தாண்டி நாலு விரற்கடை இறங்கும்வரை மூன்று தொடுதலும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே போனதும் அடியில் கம்பு விலகியது.

“மாஸ்டர், தொடைக்குப் பின்னால இழுக்குதே?”

“அதுதான்க்கா வேணும். அது இழுக்கிறது நின்னு முதுகு வளையுற இடத்துல நாம நிறுத்திக்கலாம்.”

தொடையின் பின்தசைகள் உட்காரும் எலும்பில் தொடங்கி முட்டிக்குக் கீழே போய்ச் சேர்கின்றன. நாம் மடங்க மடங்க அவை நீள்கின்றன. நீளம் தீர்ந்ததும் இடுப்பெலும்பு அதற்கு மேல் சாயாது. இன்னும் கீழே போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், மிச்ச தூரத்தை முதுகெலும்புதான் வளைந்து தர வேண்டும். அந்த அக்காவுக்கு அன்றைய எல்லை முட்டிக்குக் கீழே நாலு விரற்கடை. வேறொருவருக்கு அது முட்டிக்குச் சற்று மேலேயே வந்துவிடலாம். எல்லை எங்கே இருந்தாலும், கம்பு காட்டுகிற இடத்தில் திரும்ப வேண்டும்.

அடுத்து ஆறு கிலோ கெட்டில்பெல் ஒன்றை இரண்டு கையாலும் பிடிக்கவைத்தேன். இரண்டு அக்குளிலும் மடித்த துண்டு. எடை உடம்பை விட்டு முன்னால் போனால் கை விரிந்து துண்டு விழும். தொடையை உரசிக்கொண்டே இறங்கினால் துண்டு நிற்கும். எடை எவ்வளவு முன்னே நகர்கிறதோ அவ்வளவு கீழ் முதுகின் பாரம் கூடும். ஆறு கிலோவில் அது பெரிதாகத் தெரியாது. முப்பது கிலோவில் நன்றாகத் தெரியும்.

லேசான எடையில் உள்ள ஆபத்தும் இதுதான். ஆறு கிலோவை எப்படித் தூக்கினாலும் தூக்கிவிடலாம், உடம்பு எச்சரிக்காது. ஆகவே பக்கவாட்டில் போனை வைத்துப் படம்பிடித்துப் பார்க்கச் சொல்வேன். கண்ணாடி உதவாது, அதைப் பார்க்கத் திரும்பும்போதே கழுத்து முறுக்கிக்கொள்ளும். படத்தில் முதலில் கால்களைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி ஏறக்குறைய செங்குத்தாக இருக்க வேண்டும். முட்டி பாதத்துக்கு முன்னே தள்ளிப் போயிருந்தால் அது தோப்புக்கரணம்தான். அக்காவுக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. அவர் முட்டிகளுக்கு முன்னால் ஒரு நாற்காலியின் விளிம்பைத் தொடும்படி வைத்தேன். முட்டி நாற்காலியைத் தள்ளக் கூடாது என்றதும் புட்டம் தானாகப் பின்னே போனது.

ஏறும்போது கடைசியில் முதுகைப் பின்னால் சாய்த்து முடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. நேராக நின்று, புட்டத்தை இறுக்கினால் போதும், வேலை முடிந்தது.

இறங்கும்முன் மூச்சிழுத்து வயிற்றை இறுக்கி, மூன்று எண்ணும் நேரத்தில் இறங்கி, ஏறும்போது மூச்சை விடலாம். எடை லேசாக இருக்கும்போது மூச்சை நெடுநேரம் அடக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அடக்கவே கூடாது. மெத்தென்ற ஓட்டக் காலணியில் குதிகால் ஆடும். தட்டையான காலணியோ வெறுங்காலோ நல்லது. எட்டு முறை வீதம் மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள் என்பது தொடக்கத்துக்குப் போதுமான அளவு. மறுநாள் தொடையின் பின்பக்கமும் புட்டமும் வலித்தால் சரியான தசைகள் வேலை செய்திருக்கின்றன. கீழ் முதுகு மட்டும் பிடித்துக்கொண்டால் ஆழத்தைக் குறைக்க வேண்டும். வலி புட்டத்திலிருந்து காலுக்குள் மின்னல் மாதிரி இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்று சுற்றிலும் முதுகு அசையாமல் வந்த பிறகே எடையை இரண்டு கிலோ, இரண்டரை கிலோ என்று ஏற்றலாம். தரைக்குப் போவதும் இப்படிப் படிப்படியாகத்தான். வெறும் நீளக் கம்பியே 20 கிலோ. சில ஜிம்களில் 15 கிலோ கம்பியும் இருக்கும். அந்த எடைக்குத் தயாரானதும், கம்பியின் இரு முனைகளையும் மரக்கட்டைகள் மேலோ அடுக்கிய தட்டுகள் மேலோ ஏற்றி, கம்பு சோதனையில் கிடைத்த எல்லைக்குச் சமமான உயரத்தில் வையுங்கள். அக்காவுக்கு அது முட்டிக்குக் கீழே நாலு விரற்கடை. அந்த உயரத்திலிருந்து எடுப்பது முதுகு வளையாமல் வந்துவிட்டால் ஒரு தட்டை உருவி, கம்பியைச் சற்று இறக்கிப் பழகலாம். இறக்கிய நாளில் எடையைக் கூட்ட வேண்டாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் முதுகு வளைந்தது என்பது தெரியும். 22.5 செ.மீ உயரத்தை எட்டியதும் அதற்குக் கீழே போக எந்தக் கட்டாயமும் இல்லை. சின்னத் தட்டு மாட்டுகிறவரை கம்பி கட்டைகளின் மேலேயே இருக்கட்டும்.